நிறம் மட்டும் மாற வேண்டும், பளபளப்பு அப்படியே இருக்க வேண்டும்

சிவப்புப் பீங்கான் கோப்பை ஒன்றைப் படம் எடுத்துவிட்டோம்; அதே கோப்பை மஞ்சளிலும் கருநீலத்திலும் விற்பனைக்கு வருகிறது, ஆனால் அந்த இரண்டும் இன்னும் கைக்கு வரவில்லை. படத்திலேயே நிறத்தை மாற்றித் தரும்படி கேட்கிறார்கள். பொருட்படங்களைத் திருத்துகிறவர்களுக்கு அடிக்கடி வரும் வேலை இது. ஃபோட்டோஷாப்பில் கோப்பையைச் சுற்றித் தேர்வு போட்டு, மேலே மஞ்சள் நிறத்தை நிரப்பி, லேயரின் கலப்பு முறையை Color என்று வைத்தால் முடிந்துவிடும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்போம். அப்படிச் செய்து பார்த்தால் மஞ்சள் கோப்பை வராது. சேறு பூசியதுபோல ஒரு பழுப்புக் கோப்பைதான் வரும். ஏன் அப்படி ஆகிறது என்பது புரிந்துவிட்டால், எப்படிச் செய்ய வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்.

பளபளப்பான கோப்பையிலிருந்து கேமராவுக்கு இரண்டு வகை ஒளி வந்து சேருகிறது. ஒரு பகுதி, கோப்பையின் மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சுக்குள் நுழைந்து, நிறமிகளில் பட்டுச் சிதறி வெளியே வருகிறது. சிவப்பு நிறமி பச்சையையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொள்வதால் இந்த ஒளி சிவப்பாக வெளிவருகிறது. இதை நிற ஒளி என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு பகுதி உள்ளே நுழையாமல், மேற்பரப்பிலேயே கண்ணாடியில் படுவதுபோலத் தெறித்துத் திரும்புகிறது. நேராகப் படும்போது 4 சதவீதம் அளவுக்கே இப்படித் திரும்பும். ஆனாலும் விளக்கின் உருவமே அதில் தெரிவதால் அந்த இடம் மிகப் பிரகாசமாக இருக்கும். இந்த ஒளி நிறமியைத் தொடவே இல்லை, ஆகவே அதில் கோப்பையின் நிறம் கிடையாது. விளக்கின் நிறம்தான் இருக்கும், பெரும்பாலும் வெண்மை. இதைப் பளபளப்பு ஒளி என்போம். ஒவ்வொரு புள்ளியிலும் இந்த இரண்டும் கூடித்தான் படமாகின்றன என்ற இந்த மாதிரியை 1985-இல் ஸ்டீவன் ஷேஃபர் கணினிப் பார்வைத் துறைக்காக வகுத்தார். பிளாஸ்டிக், பீங்கான், பெயிண்ட் அடித்த பரப்பு, மெருகேற்றிய தோல் ஆகியவற்றுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

இதிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றே. உண்மையான மஞ்சள் கோப்பையை அதே மேசையில், அதே விளக்கின் கீழ் வைத்தால் நிற ஒளி முழுவதும் மாறும். பளபளப்பு ஒளி துளியும் மாறாது. நாம் திருத்தும்போதும் முதலாவதை மட்டும் மாற்றி, இரண்டாவதை எடுத்த அளவிலேயே மீண்டும் மேலே சேர்க்க வேண்டும்.

Color முறை தோற்பது இந்த இடத்தில்தான். கோப்பையின் நடுப்பகுதியில், வெளிச்சம் இயல்பாகப் படும் இடத்தில், ஐட்ராப்பரை வைத்தால் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் (190, 35, 40) என்று வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஃபோட்டோஷாப்பின் Color முறை, கீழே உள்ள படத்தின் வெளிச்ச அளவை அப்படியே வைத்துக்கொண்டு நிறச் சாயலையும் செறிவையும் மட்டும் மேலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த வெளிச்ச அளவு, சிவப்பில் 0.30 பங்கு, பச்சையில் 0.59 பங்கு, நீலத்தில் 0.11 பங்கு என்று கூட்டிப் பெறப்படுகிறது. நம் சிவப்புக்கு அது 82. நமக்கு வேண்டிய மஞ்சள் (235, 190, 50) என்றால் அதன் வெளிச்ச அளவு 188. மஞ்சளை 82 அளவுக்கு இறக்கினால் கிடைப்பது ஏறத்தாழ (110, 83, 0). இது மஞ்சள் அல்ல, அழுக்குப் பழுப்பு. மென்பொருள் சொன்னதைச் சரியாகவே செய்திருக்கிறது. சிவப்பு நிறமிக்கும் மஞ்சள் நிறமிக்கும் இயல்பிலேயே வெளிச்ச அளவு வேறு என்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒளியையும் நிழலையும் காப்பது என்றால் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்ச எண்ணையும் காப்பது என்று பொருள் கொள்ளக் கூடாது. நிழல் நடுப்பகுதியைவிட எத்தனை மடங்கு இருட்டாக இருக்கிறதோ அந்த விகிதத்தையும், பளபளப்பு எவ்வளவு கூடுதலாகச் சேர்ந்திருக்கிறதோ அந்தக் கூடுதலையும் காப்பது என்றே பொருள் கொள்ள வேண்டும்.

இரண்டு ஒளியும் ஒரே படத்தில் கலந்து கிடக்கும்போது அவற்றை எப்படிப் பிரிப்பது? சிவப்புக் கோப்பையைப் பொறுத்தவரை அந்த வேலை பாதி முடிந்தே இருக்கிறது. Channels பலகத்தைத் திறந்து, சிவப்பு சேனலைத் தனியாகப் பாருங்கள். கோப்பை ஒரு வெளிர்சாம்பல் கோப்பைபோலத் தெரியும். வளைவு, நிழல், கைப்பிடிக்குப் பின்னால் உள்ள இருள் எல்லாம் அதில் தெளிவாக இருக்கும். இப்போது பச்சை சேனலைப் பாருங்கள். கோப்பை கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். விளக்கின் பிரதிபலிப்பு மட்டும் அதில் வெள்ளையாகப் பளிச்சிடும். சிவப்பு நிறமி பச்சை ஒளியை விழுங்கிவிட்டதால், பச்சை சேனலுக்கு நிறமியிலிருந்து ஏறக்குறைய எதுவும் வருவதில்லை; நிறமியைத் தொடாமல் தெறித்த பளபளப்பு ஒளி மட்டுமே வந்து சேர்கிறது. வடிவம் ஒரு சேனலிலும் மினுக்கம் இன்னொரு சேனலிலும் தாமாகவே பிரிந்து நிற்கின்றன. மாஸ்க்கைத் தூரிகையால் மணிக்கணக்கில் வரைவதைவிட இதைப் பயன்படுத்துவதே மேல் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் கையால் வரைந்த பளபளப்பின் ஓரம் ஒருபோதும் உண்மையான ஓரத்தைப் போல மென்மையாகத் தேய்ந்து மறைவதில்லை.

இனி அதே கோப்பையைப் படிப்படியாக மஞ்சளாக்கிப் பார்ப்போம். நான்கு இடங்களின் அளவை முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது: நடுப்பகுதி (190, 35, 40), நிழல் பக்கம் (85, 14, 18), பிரதிபலிப்பின் மையம் (250, 246, 245), பிரதிபலிப்பு தேய்ந்து உடல்நிறத்தோடு கலக்கும் ஓரம் (225, 130, 130). ஐட்ராப்பரை ஒற்றைப் புள்ளியில் வைக்காமல் 5-க்கு 5 சராசரியாக வைத்து எடுத்தால் இரைச்சல் ஏமாற்றாது. படத்தைச் சேனலுக்கு 16 பிட்டில் வைத்திருங்கள். 8 பிட்டில் வெளிச்சத்தை உயர்த்தும்போது வழவழப்பான வளைவில் வரிவரியாகப் படிகள் தெரிய ஆரம்பிக்கும்.

கோப்பையின் வெளிக்கோட்டைப் பென் கருவியால் போட்டு, அதைத் தேர்வாக்கி, ஒரு குழு லேயருக்கு மாஸ்க்காக வைக்கிறோம். மாஸ்க்கின் ஓரத்தை அரை முதல் ஒரு பிக்சல் வரை மென்மையாக்கினால் போதும். கோப்பையின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் அதையும், அச்சிட்ட சின்னம் இருந்தால் அதையும் மாஸ்க்கிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

குழுவுக்குள் முதலில் வைப்பது ஒரு Channel Mixer சரிக்கட்டு லேயர். அதில் Monochrome என்பதைத் தேர்ந்து, Red 100, Green 0, Blue 0 என்று வைத்தால், கோப்பை சிவப்பு சேனலில் பார்த்த அதே வெளிர்சாம்பல் கோப்பையாக மாறிவிடும். நடுப்பகுதி 190, நிழல் 85. அதன் மேல் ஒரு Curves லேயரை வைத்து 190-ஐ 235-க்கும் 85-ஐ 105-க்கும் உயர்த்துகிறோம். மஞ்சள் வெளிச்சமான நிறம் என்பதால்தான் இந்த உயர்த்தல். அதற்கும் மேலே Solid Color லேயர், நிறம் (255, 206, 54), கலப்பு முறை Multiply. இந்த முறை இரண்டு எண்களைப் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. நடுப்பகுதியில் 235-ஐ 206-ஆல் பெருக்கி 255-ஆல் வகுத்தால் 190 வருகிறது. மற்ற இரண்டையும் இப்படியே கணக்கிட்டால் (235, 190, 50) என்ற நாம் கேட்ட மஞ்சளே கிடைக்கிறது. நிழல் பக்கத்தில் (105, 85, 22) வரும். வெளிச்சம் குறையும்போது மூன்று எண்களும் ஒரே விகிதத்தில் குறைவதுதான் நிறமியின் இயல்பு; பெருக்கல் அதைத்தான் செய்கிறது.

இந்த நிலையில் கோப்பையைப் பார்த்தால் வடிவம் சரியாக இருக்கும், ஆனால் பளபளப்பு இருக்காது. பிரதிபலிப்பு இருந்த இடம் வெள்ளையாக இல்லாமல் அடர் மஞ்சளாக இருக்கும். கோப்பை பீங்கானாகத் தெரியாமல் மேட் பெயிண்ட் அடித்த மரம்போலத் தெரியும். பெருக்கல் பளபளப்பு ஒளியையும் நிறமிக்குள் புகுத்தி எடுத்துவிட்டது என்பதே காரணம். பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். படத்தில் ஏதோ குறைகிறது என்று பார்ப்பவர்கள் உணர்வார்கள், எதுவென்று சொல்லத் தெரியாது.

எனவே பளபளப்பைத் திருப்பிச் சேர்க்கிறோம். மூலப் படத்தின் நகல் ஒன்றை எடுத்து, அந்த நகலில் மட்டும் Channel Mixer-ஐ Monochrome, Green 100 என்று செலுத்துகிறோம். பிறகு Levels-இல் கறுப்பு முனையை 40-க்கு நகர்த்துகிறோம். உடற்பகுதியின் பச்சை அளவு 35 என்பதால் அது முழுக் கறுப்பாகிவிடும். பிரதிபலிப்பின் மையம் 244 ஆக இருக்கும். ஓரம் 107 அளவில் நிற்கும். இந்தச் சாம்பல் லேயரைக் குழுவின் உச்சியில் வைத்து, கலப்பு முறையை Screen என்று மாற்றுகிறோம். கறுப்பு உள்ள இடத்தில் Screen எதையும் மாற்றாது. வெள்ளை உள்ள இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டும். பிரதிபலிப்பின் மையம் இப்போது ஏறக்குறைய (255, 253, 246) ஆகிவிடும். கோப்பை மீண்டும் பீங்கானாகிவிட்டது.

நகலைச் சாம்பலாக்காமல் அப்படியே வைத்தால் என்ன என்ற கேள்வி எழலாம். ஓரத்தின் அளவைப் பாருங்கள்: (225, 130, 130), அதாவது இளஞ்சிவப்பு. அங்கே வெள்ளைப் பளபளப்பும் சிவப்பு நிறமியும் பாதிப்பாதி கலந்திருக்கின்றன. அதை நிறத்தோடு கொண்டுவந்தால் மஞ்சள் கோப்பையில் ஒவ்வொரு மினுக்கத்தையும் சுற்றி ஓர் இளஞ்சிவப்பு வளையம் தெரியும். நிறம் மாற்றிய படத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களில் இதுவே முதன்மையானது. 200 சதவீதப் பெரிதாக்கத்தில் பிரதிபலிப்பின் விளிம்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். சிவப்பு சேனலிலும் பளபளப்பின் பங்கு சிறிது கலந்தே இருப்பதால், நம் முறையில் மினுக்கத்தின் ஓரம் மூலத்தைவிடச் சற்று அகலமாகத் தெரியக்கூடும். அப்படித் தெரிந்தால் Screen லேயரின் ஒளிபுகாமையை 85 சதவீதத்துக்கு இறக்கிப் பார்க்கலாம்.

அதே அடுக்கில் கருநீலம் எடுப்பது எளிது. Curves-ஐ அணைத்துவிட்டு, Solid Color-ஐ (38, 60, 127) ஆக்கினால் நடுப்பகுதி (28, 45, 95) ஆகிறது, நிழல் (13, 20, 42) ஆகிறது. இங்கே கவனிக்க வேண்டியது பளபளப்பு லேயர். கருநீலக் கோப்பையில் விளக்கின் பிரதிபலிப்பு சிவப்பில் இருந்ததைவிட மிகவும் எடுப்பாகத் தெரியும். அது அதிகமாகிவிட்டதோ என்று நினைத்துக் குறைக்கத் தோன்றும். தேய்ந்த ஓரத்தின் அகலத்துக்காகச் சிறிது குறைப்பது வேறு. எடுப்பாக இருக்கிறதே என்று பாதியாகக் குறைத்துவிடாதீர்கள். பூச்சு ஒன்றே, விளக்கும் ஒன்றே என்பதால் தெறிக்கும் ஒளியின் அளவு மாறவில்லை. பின்னால் உள்ள நிறம் இருண்டுவிட்டதால்தான் அது எடுப்பாகிறது. உண்மையான கருநீலப் பீங்கானும் அப்படித்தான் இருக்கும். மஞ்சளில் நேர் எதிர்: உடல் ஏற்கெனவே வெளிச்சமாக இருப்பதால் அதே மினுக்கம் அடங்கித் தெரியும். இதைப் புரிந்துகொள்ளாமல் மூன்று நிறத்திலும் மினுக்கம் ஒரே மாதிரி எடுப்பாக இருக்க வேண்டும் என்று சரிசெய்தால், மூன்று கோப்பையும் மூன்று வேறு பொருளால் செய்யப்பட்டவை போலத் தோன்றும்.

மஞ்சளுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. கணக்குப்படி வந்த நிழல் (105, 85, 22) கண்ணுக்குப் பச்சை தட்டிய மஞ்சளாக, பழைய எண்ணெயின் நிறம்போலத் தெரியும். மஞ்சள் இருண்டால் நம் கண் அதைப் பச்சையின் பக்கமாக உணர்கிறது. உண்மைக் கோப்பையிலோ கைப்பிடியின் உட்பக்கம் போன்ற குழிந்த இடங்களில் ஒளி மஞ்சள் பரப்பில் பட்டு இன்னொரு மஞ்சள் பரப்பில் மறுபடி பட்டு வருவதால், அங்கே நிறம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து செறிவாகிறது. ஆகவே அடுக்கின் மேல் இன்னொரு Curves லேயர் வைத்து, பச்சை சேனலின் இருண்ட பகுதியை மட்டும் சிறிது கீழே இழுங்கள். 85 என்பது 78 ஆனால் போதும். இது கணக்கால் அன்றிக் கண்ணால் செய்ய வேண்டிய திருத்தம். மஞ்சள் பொருள் ஏதேனும் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதன் நிழலைப் பார்த்துக்கொண்டே செய்வது நல்லது.

கோப்பை முடிந்தது, படம் முடியவில்லை. சிவப்புக் கோப்பை வெள்ளை மேசையில் நின்றிருந்தால், அதன் அடியைச் சுற்றி மேசையில் மெல்லிய சிவப்புச் சாயல் விழுந்திருக்கும். கோப்பை மஞ்சளாகி, அடியில் இளஞ்சிவப்பு மட்டும் மிச்சமிருந்தால், பார்ப்பவர் காரணம் அறியாமலே படத்தைச் சந்தேகிப்பார். குழுவுக்கு வெளியே ஒரு Hue/Saturation லேயரைப் போட்டு, அதில் Reds பிரிவை மட்டும் தேர்ந்து, சாயலை மஞ்சள் பக்கம் நகர்த்தி, மென்மையான தூரிகையால் கோப்பையின் அடிப்பகுதியைச் சுற்றி மட்டும் மாஸ்க்கைத் திறந்துவிட வேண்டும். கருநீலத்துக்கு அந்தச் சாயலை ஏறக்குறைய முழுதும் வடித்துவிடலாம், ஏனெனில் இருண்ட கோப்பை மேசைக்குத் திருப்பித் தரும் ஒளி மிகக் குறைவு.

மூலப் பொருள் வேறு நிறத்தில் இருந்தால் எந்த சேனலில் எது இருக்கும் என்பதை அதே தர்க்கத்தால் கண்டுகொள்ளலாம். நிறமி எந்த ஒளியைத் திருப்புகிறதோ அந்த சேனலில் வடிவமும், எதை விழுங்குகிறதோ அதில் பளபளப்பும் இருக்கும். நீலப் பொருளுக்கு நீல சேனலில் வடிவம், சிவப்பில் பளபளப்பு. மஞ்சள் பொருளுக்குச் சிவப்பிலும் பச்சையிலும் வடிவம், நீலத்தில் பளபளப்பு. வெள்ளைப் பொருளில் மூன்று சேனலும் ஒன்றுபோலவே இருப்பதால் இந்தப் பிரிப்பு வேலை செய்யாது; நிறம் ஏற்றுவதற்கு வெள்ளை மிக வசதி என்றாலும், மினுக்கத்தை மட்டும் Blend If அளவுகோலாலோ தூரிகையாலோ தனியாகக் காக்க வேண்டியிருக்கும். கறுப்புப் பொருளில் மூன்று சேனலிலும் பளபளப்பு மட்டுமே இருக்கிறது, நிற ஒளியின் வடிவம் எதிலுமே பதிவாகவில்லை. கறுப்பிலிருந்து வெளிர் நிறத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டால், வேறு நிற மாதிரி ஒன்றைப் படம் எடுத்துத் தரும்படி கேட்பதுதான் நேர்மையான பதில். எடுப்பதற்கு முன்பே நம்மைக் கேட்டால், செறிவான ஆனால் இருண்டுவிடாத நிறம் ஒன்றைத் தேர்ந்து எடுக்கச் சொல்வேன்.

உலோகத்துக்கு இந்த முறை பொருந்தாது. தங்கத்திலும் செம்பிலும் நிறமி என்று ஒன்று உள்ளே இல்லை. மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியே நிறம் பெற்றுத்தான் வருகிறது, அதனால் அவற்றின் மினுக்கம் வெள்ளையாக இருக்காது. எஃகுக் கரண்டியைச் செம்பாக்க வேண்டுமென்றால் பிரதிபலிப்பு உட்பட அனைத்தையும் பெருக்கிவிட வேண்டும். வெள்ளை மினுக்கத்தை மேலே சேர்த்தால் அது செம்பாகத் தெரியாமல், செம்புநிறப் பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக்காகத் தெரியும்.

கடைசியாக, வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டிய ஒரு குறை. செறிந்த சிவப்புப் பொருட்களின் படங்களில், பிரதிபலிப்பே இல்லாத இடத்திலும் சிவப்பு சேனல் 255-ஐத் தொட்டு நின்றிருக்கும். அந்தப் பகுதியில் வளைவின் தகவல் அழிந்துவிட்டது. சாம்பலாக்கிப் பார்த்தால் கோப்பையின் வயிற்றில் தட்டையான ஒரு வெள்ளைத் திட்டு தெரியும், மஞ்சளாக்கினால் அது தட்டையான மஞ்சள் திட்டாகும். ரா கோப்பு இருந்தால், செறிவையும் வெளிச்சத்தையும் குறைத்து மறுபடி உருவாக்கினால் பெரும்பாலும் அந்த வளைவு திரும்பக் கிடைக்கும். ஜேபெக் மட்டும் இருந்தால் திரும்பாது. அதோடு, ஜேபெக் பொதுவாக நிறத் தகவலைப் பாதித் தெளிவில்தான் சேமிக்கிறது என்பதால், சிவப்பு சேனலைத் தனியாக எடுக்கும்போது விளிம்புகளில் சிறு சதுரங்கள் தலைகாட்டும். அப்போது மஞ்சளை விட்டுவிட்டு, வெளிச்சத்தை உயர்த்தத் தேவையில்லாத கருநீலம் போன்ற இருண்ட நிறத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்வதே நல்லது.